சொப்புச் சாமானும் பக்கத்தில் ஒரு ஆளும்

மழலையர் பள்ளி விளம்பரங்களில் 'விளையாட்டு வழிக் கல்வி' என்ற வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. விளையாடினால் பிள்ளைக்குப் பேச்சு வரும், சொல்வளம் பெருகும் என்கிறார்கள். பெற்றோரும் தலையாட்டிவிட்டு ஃபீஸ் கட்டுகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்வியை ஐம்பது வருடமாக விடாமல் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதை வரிசையாகப் படித்துப் பார்த்தால், பதில் விளம்பரத்தில் இருப்பதைவிடக் கறாராக இருக்கிறது.

ஆரம்பம் இஸ்ரேலில். சாரா ஸ்மிலான்ஸ்கி என்ற உளவியலாளர் 1968-ல் வெளியிட்ட நூலில், மத்தியக் கிழக்கிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அப்பா அம்மா விளையாட்டு, டாக்டர் விளையாட்டு மாதிரியான பாவனை விளையாட்டுகள் அந்தக் குழந்தைகளிடம் குறைவாக இருந்தன. பெரியவர் ஒருவர் யோசனை சொல்லியோ, தானே ஒரு வேஷம் கட்டியோ கூட ஆடியபோது விளையாட்டு நீண்டது, பேச்சும் கூடியது. அடுத்த பத்தாண்டில் இதே பாணியில் பல ஆய்வுகள் வந்தன. 'விளையாட்டு மொழியை வளர்க்கிறது' என்ற வாக்கியம் பாடநூல்களில் நிலைத்தும் விட்டது.

ஆனால் ஸ்மிலான்ஸ்கியின் முறையில் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. குழந்தை விளையாடியது. கூடவே, வழக்கமாகக் கிடைக்காத அளவுக்கு ஒரு பெரியவரின் பேச்சும் கவனமும் அதற்குக் கிடைத்தன. பலன் எதனால் வந்தது?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பீட்டர் ஸ்மித் என்பவர் சிடால் என்பவருடன் சேர்ந்து 1978-ல் இதைத்தான் சோதித்தார். சின்ன ஆய்வுதான், ஆனால் கேள்வி கூர்மையானது. ஒரு குழுவுக்கு விளையாட்டுப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு விளையாட்டு இல்லாத திறன் பயிற்சி. இரண்டு குழுக்களுக்கும் பெரியவருடன் கிடைத்த நேரமும் பேச்சும் சமம். கடைசியில் இரண்டு குழுக்களுமே மொழியில் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தன. மற்றக் குழந்தைகளோடு கலந்து ஆடுவதில்தான் விளையாட்டுக் குழு முந்தியது. அதாவது மொழியைப் பொறுத்தவரை, முந்தைய ஆய்வுகளில் விளையாட்டுக்குப் போன பெயரில் பெரும்பங்கு கூட இருந்த ஆளுக்குச் சேர வேண்டியது.

இந்தச் சந்தேகத்தை விரிவாக எழுதியவர் அமெரிக்காவின் ஏஞ்சலின் லில்லார்ட். அவரும் அவருடைய குழுவினரும் பாவனை விளையாட்டு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2013-ல் ஒரு நீண்ட மதிப்பாய்வு வெளியிட்டார்கள். பல ஆய்வுகளில் பயிற்சி கொடுத்தவரே தேர்வும் வைத்திருந்தார், அல்லது எந்தக் குழந்தை எந்தக் குழு என்பது தேர்வு வைத்தவருக்குத் தெரிந்திருந்தது. அப்படி இருந்தால் மதிப்பெண் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும். நன்றாகப் பேசும் குழந்தைகள் நன்றாகப் பாவனை விளையாடுகிறார்கள் என்பது மட்டும் உறுதி. 2018-ல் குவின், டொனலி, கிட் ஆகியோர் 35 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோதும் இரண்டுக்கும் இடையே நடுத்தரமான தொடர்பு இருப்பது தெரிந்தது. ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. வீட்டில் அதிகம் பேசும் பெற்றோர் இருந்தால் இரண்டுமே சேர்ந்து வளரலாமே!

அப்படியானால் விளையாட்டு வெறும் அலங்காரமா? அப்படியும் இல்லை. மயே ஹான் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அதன் நேரக் கணக்கு. வசதி குறைந்த குடும்பங்களின் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு 30 நிமிடமும் கதைப்புத்தகத்தை வைத்து நேரடியாகச் சொல் பயிற்சி. இன்னொரு பிரிவினருக்கு அதே பயிற்சி 20 நிமிடம், மீதி 10 நிமிடம் அந்தச் சொற்களை வைத்து ஆசிரியருடன் விளையாட்டு. ஆள் இரண்டு பக்கமும் உண்டு, நேரமும் ஒன்று. சொல் அறிவில் அதிகம் வளர்ந்தவர்கள் விளையாடிய குழந்தைகள். நேரடிப் பாடத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்தது நஷ்டமாகவில்லை.

எந்த மாதிரி விளையாட்டு என்பதை 2018-ல் டமாரா டூப், கேத்தி ஹர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் உள்ளிட்ட குழு பிரித்துப் பார்த்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் முதலில் கதை வாசித்து, அதில் வரும் புதுச் சொற்களை விளக்கினார்கள். பிறகு கதைக்குத் தொடர்பான பொம்மைகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் பெரியவர் தலையிடவில்லை. இரண்டாவதில் குழந்தை ஆடுவதைப் பின்தொடர்ந்து, பொருத்தமான இடத்தில் அந்தச் சொற்களைப் பயன்படுத்தினார். மூன்றாவதில் பெரியவரே கதையை நடத்திச் சென்றார். சொற்கள் அதிகம் பதிந்தது பின்னிரண்டில். தானாக விளையாட விட்ட பிரிவு பின்தங்கியது.

இதை நம் வீட்டுச் சொப்புச் சாமானுக்குப் பொருத்திப் பாருங்கள். நான்கு வயதுப் பெண் ஒருத்தி சொப்புச் சட்டியில் மணலைக் கொட்டிக் கிளறுகிறாள். 'வடிப்பது', 'தாளிப்பது' என்ற இரண்டு சொற்களைக் காலையில் கதையில் கேட்டிருக்கிறாள் என்று வையுங்கள். அவளைத் தனியே விட்டால் மணல் சோறு வெந்துவிடும், அந்தச் சொற்கள் அவள் வாயில் வராமலே போகலாம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன கலர்? எத்தனை கரண்டி இருக்கு? எண்ணு!" என்று தொடங்கினால் விளையாட்டு அங்கேயே பரீட்சையாகிவிடும்; ஒற்றைச் சொல்லில் பதில் வரும். பாட்டி விருந்தாளியாக மாறி, "கஞ்சி நெறய நிக்குதே, சோறு வடிக்கலயாம்மா?" என்று கேட்டால், அவள் சட்டியைச் சாய்த்து, "இருங்க பாட்டி, இப்பதான் வடிக்கிறேன்" என்பாள். கை சாயும் அதே நொடியில் சொல்லும் காதில் விழுகிறது, உடனே அவள் வாயிலும் வருகிறது. அந்தச் சொல் இல்லாமல் அடுத்த கட்டம் நகராது என்பதால் அவளுக்கு அது தேவைப்படுகிறது. வகுப்பறை ஆய்வுகள் 'வழிகாட்டப்பட்ட விளையாட்டு' என்று நீட்டி முழக்குவது ஏறக்குறைய இதைத்தான்.

அளக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு படங்களைக் காட்டி 'வடிப்பது எது?' என்று கேட்டால் குழந்தை விரல் வைத்துவிடும். 'வடிப்பது என்றால் என்ன?' என்று கேட்டு அது தன் வார்த்தையில் சொல்வது வேறு, கடினமானதும்கூட. எந்தச் சோதனை என்று சொல்லாமல் 'சொல்வளம் கூடியது' என்று எவராவது எழுதினால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சொல்லிக்கொடுத்த இருபது சொல்லைத் தெரிந்துகொண்ட குழந்தையின் மொத்த மொழித்திறனும் அதனாலேயே உயர்ந்துவிடும் என்றும் இல்லை.

2022-ல் கேலி ஸ்கீன் குழு 39 ஆய்வுகளை அலசியபோது, வழிகாட்டப்பட்ட விளையாட்டு நேரடிப் பாடத்தைவிடத் தொடக்கக் கணக்கிலும் வடிவங்களை அறிவதிலும் முந்தியது. தானாக ஆடும் விளையாட்டைவிட, 'மேலே', 'நடுவில்' போன்ற இடம் குறிக்கும் சொற்களைக் கற்பதில் முந்தியது. மொழியின் மற்றப் பகுதிகளில் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஹானின் ஆய்வும் டூப்பின் ஆய்வும் நம்பிக்கை தருபவை, ஆனால் வழக்கை முடித்துவைப்பவை அல்ல.

தானாக ஆடுவது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. கூட்டாளியோடு சண்டை போட்டுச் சமாதானமாக, சும்மா ஓட, குழந்தைக்கு அந்த நேரம் வேண்டும். புதுச் சொல்லுக்கு மட்டும் அதை நம்பியிருக்கக் கூடாது. எனவே அட்மிஷனுக்குப் போகும்போது பொம்மை அறையைப் பார்த்து மயங்க வேண்டாம். விளையாட்டு நேரத்தில் டீச்சர் எங்கே இருப்பார், ஒருவருக்கு எத்தனை குழந்தைகள் என்று கேளுங்கள். முடிந்தால் பத்து நிமிடம் நின்று, அவர் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து பேசுகிறாரா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.