ஒன்றரைக்குக் குறையாது

மதுரையில் தனி ஆளாக வீட்டு உள்ளலங்காரத் தொழில் நடத்தும் ஒரு பெண், தான் புதுப்பித்த படுக்கையறையைத் தொண்ணூறு விநாடி வீடியோவாக்கக் கதைவசனம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். கையோடு ஒரு மாதிரியும் கொண்டுவந்திருந்தார். இருட்டாக ஓர் அறை, விரலைச் சொடுக்கினால் ஜொலிக்கும் அறை, கீழே “1.5 லட்சம் மட்டுமே! 15 நாட்களில்!” என்று துள்ளும் எழுத்து. “இது மாதிரி வேணும். ஆனா பொய் இருக்கக்கூடாது” என்றார்.

இரண்டும் சேராது. ஏன் சேராது என்பது அவருடைய பில்களை மேசையில் பரப்பியபோதுதான் எனக்கே புரிந்தது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அடுக்குமாடிக் குடியிருப்பில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. ஏழடி அகலம் ஏழடி உயரத்தில் ஓர் அலமாரி, அதற்கு மேலே பரண், ஒரு படிப்பு மேசை, புது பெயின்ட், ஐந்து மின் பாயின்ட், திரைச்சீலை. வேலை இவ்வளவுதான். செலவில் பாதிக்கு மேல் அலமாரிக்கே. அதைத் தச்சுப் பட்டறையில் முகப்புச் சதுர அடிக் கணக்கில் போடுகிறார்கள். ஏழுக்கு ஏழு, 49 சதுர அடி. சாதாரண பிளைவுட், வெளியே மைக்கா, எளிய கீல் என்றால் அவருக்குச் சதுர அடி 1,300 ரூபாய். நீர் தாங்கும் உயர்ரக பிளைவுட், மெல்ல மூடும் கீல், உள்ளே இழுப்பறைகள் என்று போனால் 1,800. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான். வீடியோவில் அறவே தெரியாது. வித்தியாசம் மட்டும் 24,500 ரூபாய்.

பரணையும் சேர்த்தால் மரவேலை 73,500இல் தொடங்கி ஒரு லட்சத்தைத் தொடும். பெயின்ட், மின்வேலை, மேசை, திரைச்சீலை, சுத்தம் செய்வது எல்லாம் சேர்ந்து 39,000 முதல் 59,500 வரை. அவருடைய வடிவமைப்புக் கட்டணம் 12,000 முதல் 15,000 வரை. சுவரில் ஓதம் இருந்தால் அதற்கு 15,000 வரை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. குறைந்ததை எல்லாம் கூட்டினால் 1,24,500. கூடியதை எல்லாம் கூட்டினால் 1,90,300. அவர் ஜிஎஸ்டி பதிவு செய்தவர், 18 சதவீதம் ஏறும். ஆக, ஏறக்குறைய ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டேகால் லட்சம்.

மாதிரி வீடியோவின் ஒன்றரை லட்சம் முழுப் பொய்யில்லை என்பது இப்போது தெரியும். எல்லாமே மலிவான பொருளாக, சுவரும் காய்ந்த சுவராக அமைந்துவிட்டால் கிடைக்கும் தொகை அது. “மட்டுமே” என்ற சொல்தான் பொய். வரம்பின் அடித்தொகையை எடுத்துப் பொதுவிலையாக நிறுத்திவிடுகிறது.

வரம்பாகச் சொன்னாலும் ஒரு சிக்கல் உண்டு. “ஒன்றரை முதல் இரண்டேகால் வரை” என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் மனதில் ஒன்றரை உட்கார்ந்துகொள்ளும், மீதி காற்றோடு போகும். அதனால் வசனத்தில் வரிசையை மாற்றினேன்: “இரண்டேகால் லட்சம் வரை போகலாம், ஒன்றரைக்குக் குறையாது.” பெரிய தொகை முதலில் விழுந்துவிட்டால் சின்னதைக் கேட்கும் காது நிதானமாகக் கேட்கிறது. கூடவே, எதனால் ஏறும் என்பதையும் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். காரணம் இல்லாத வரம்பு, “பாத்துப் போட்டுக்கலாம் சார்” என்பதற்குச் சமம்.

இனி அந்தச் சுவர். ஆசிரியர் வீட்டில் பழைய பீரோவை நகர்த்தியதும் அதன் பின்னால் மூன்றடி உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து, நகத்தால் சுரண்டினால் காரை மாவாக உதிர்ந்தது. அறைக்குள் காற்றோட்டமில்லாமல் வியர்க்கிற சுவரா, உள்ளிருந்து நீர் கசிகிற சுவரா என்று பார்க்க அவர் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பதித்துவிட்டு இரண்டு நாள் விட்டார். தாளின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும். சுவர்ப் பக்கம் கோத்திருந்தால் நீர் சுவருக்குள் இருக்கிறது. இங்கே சுவர்ப் பக்கம். அடுத்திருந்த குளியலறைக் குழாயின் முழங்கை இணைப்பில் கசிவு.

அவர் முதலில் கொடுத்த எஸ்டிமேட் 1,74,050 ரூபாய், 26 நாள். சுவர் வேலைக்குக் கூடியது வரியோடு 15,340. கடைசி பில் 1,89,390. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நாள் கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் நாள் காரையைச் செதுக்கி, குழாயைச் சரிசெய்து, புதிதாகப் பூசினார்கள். ஒரு வாரம் நீர் தெளித்தார்கள். பிறகு மூன்று வாரம் காயவிட்டார்கள். ஈரக் காரை மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளம்பும். அதன் மேல் அலமாரியைச் சாத்தினால் பின்பலகை பூஞ்சை பிடித்து உப்பும். பட்டறையில் அலமாரி பதினெட்டாம் நாளே தயார். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எடுத்துப் போங்க என்று பட்டறைக்காரர் தினமும் போன். முப்பத்திரண்டாம் நாள் மறுபடி பிளாஸ்டிக் தாளைப் பரிசோதித்து, நீர் கோக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் பட்டி, பிரைமர், முதல் கோட்டிங். நாற்பதாம் நாள் அலமாரி ஏறியது. சாவி கொடுத்தது நாற்பத்தேழாம் நாள். அதில் 28 நாள், கொத்தனார் வந்து நீர் தெளித்ததைத் தவிர, அறைக்குள் யாருக்கும் வேலை இல்லை.

ஓதம் பணத்தைக் கொஞ்சமாகவும் நாளை மொத்தமாகவும் தின்றிருக்கிறது. வீடு புதுப்பித்தவர்களின் மனக்குறை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஆள் வராத நாளெல்லாம் ஏமாற்றிய நாளாகத் தெரியும். எனவே வீடியோவில் அழகான அலமாரிக்குக் கொடுத்த நேரத்தைவிடக் காயும் சுவருக்கு அதிகம் கொடுத்தேன். நல்லவேளையாக அவரிடம் படங்கள் இருந்தன. வேலையைப் பார்க்கப் போகும்போதெல்லாம், நிலைப்படியில் தரையில் ஒட்டிய டேப் குறி மேல் நின்று, நெஞ்சுயரத்தில் போனைப் பிடித்து, ஒரே லென்ஸில், காலை பத்து மணிக்கு எடுத்தவை. இதுவும் நேர்மையில் சேர்த்தி. பழைய அறையை விளக்கணைத்தும் புது அறையை அகல லென்ஸிலும் எடுத்தால் அறை இரண்டடி வளர்ந்துவிடும். நேரில் வருகிறவர் “வீடியோல பெருசா இருந்துச்சே” என்பார்.

கதைவசனம் கடைசியில் இப்படி அமைந்தது:

நிலைப்படியிலிருந்து பழைய அறை: “பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பீரோவை நகர்த்தினோம். பின்னால் சுவர் இப்படி இருந்தது.”

விரல் பட்டதும் உதிரும் காரை, மிக அருகில்: “பெயின்ட் அடித்து மறைத்திருக்கலாம். அடுத்த மழையில் திரும்ப வந்திருக்கும். பக்கத்துக் குளியலறைக் குழாயில்தான் கசிவு.”

ஒரே கோணத்தில் இருபதுக்கும் மேற்பட்ட காலைகள், சுவர் சாம்பலிலிருந்து வெளிறுவது: “பூசி, நனைத்து, காயவிட்டோம். இந்த இருபத்தெட்டு நாளும் அறைக்குள் ஆள் வேலை இல்லை. அலமாரி பட்டறையில் காத்திருந்தது.”

அலமாரி பொருத்துவது, கதவு மெல்ல மூடுவது: வசனமில்லை, கீலின் ஓசை மட்டும்.

அதே நிலைப்படியிலிருந்து புது அறை: “இந்த அறைக்கு வரியோடு ஆனது ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம். முதலில் சொன்னதைவிடப் பதினைந்தாயிரம் கூடுதல். அது அந்தச் சுவருக்கு. இதே அளவு அறைக்கு இரண்டேகால் லட்சம் வரை போகலாம், ஒன்றரைக்குக் குறையாது. பலகையின் தரமும் சுவரின் ஈரமும்தான் அதைத் தீர்மானிக்கும். கட்டில், மெத்தை, ஏசி இதில் இல்லை. வரைபடத்தில் நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு வாரம். சுவரில் ஓதம் இருந்தால் ஏழு.”

கையெழுத்திட்ட நாள் என்பதை விட்டுவிடாதீர்கள் என்றேன். மைக்கா நிறம் தேர்ந்தெடுக்க ஒரு குடும்பம் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். முதல் போன் பேசிய நாளிலிருந்து அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். விலையோடு மாதமும் வருடமும் திரையில் இருக்க வேண்டும். இந்த வீடியோக்களுக்குச் சாவு கிடையாது, இரண்டு வருடம் கழித்து யாராவது பழைய விலையைக் காட்டிக்கொண்டு வருவார்கள். தமிழில் பேசிவிட்டு நிபந்தனையை மட்டும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஓடவிடும் பழக்கமும் வேண்டாம் என்றேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தில் எந்த மொழியில் உறுதி சொல்கிறோமோ அதே மொழியில், அதே எழுத்துருவில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். கடைசிக் காட்சியில் மூலையில் ஒரு பச்சைச் செடி, சன்னலோரம் பித்தளைக் குத்துவிளக்கு, கட்டிலில் கைத்தறி விரிப்பு. மூன்றும் அவர் வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்தவை. எடுத்துவிடலாம் என்றேன். “செடி இல்லாம அறை மொட்டையா இருக்கும்” என்றார். செடி நின்றது, “செடி, விளக்கு, விரிப்பு படப்பிடிப்புக்கு வைத்தவை” என்ற எழுத்தோடு. எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

வீடியோ போட்ட மறுநாள் மாலை அவரோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“வீடியோ பாத்தேன்ம்மா. எங்க வீட்லயும் அதே அளவு ரூம்தான். இரண்டேகால் வரைக்கும் போகும்னு சொன்னீங்க. நமக்கு எவ்வளவு ஆகும்?”

“பீரோ எந்தச் சுவத்துல இருக்கு சார்?”

“பாத்ரூம் பக்கத்துச் சுவத்துல.”

“நகத்தி வைங்க சார். ஞாயித்துக்கிழமை வர்றேன்.”