டிவியில் கறுப்பு எங்கே தொடங்க வேண்டும்?

இரவுக் காட்சி வந்தால் சில வீட்டு டிவிகளில் நாயகனின் முகம் மட்டும்தான் தெரியும். அவர் போட்டிருக்கும் கறுப்புச் சட்டையின் மடிப்பு, பின்னால் உள்ள சுவர், கதவு எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். வேறு சில வீடுகளில் நள்ளிரவு வானமே சாம்பல் நிறத்தில் வெளிறிக் கிடக்கும். 2019இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ‘தி லாங் நைட்’ அத்தியாயம் வந்தபோது, எதுவுமே தெரியவில்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். பலருக்கு டிவியைச் சரியாக அமைக்கத் தெரியாததும் ஒரு காரணம் என்றார் அதன் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் சினிமா, சீரியல் வீடியோவில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஓர் எண்ணாக வருகிறது. அதில் 16 என்பது முழுக் கறுப்பு, 235 என்பது முழு வெள்ளை. டிவி 16ஐக் கறுப்பாகவும், 17ஐ அதைவிட ஒரு இழை வெளிச்சமாகவும் காட்ட வேண்டும். பல டிவிகளில் இதைத் தீர்மானிப்பது பிரைட்னஸ் அமைப்புதான். அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையைப் பளிச்சென்று ஆக்குவது பேக்லைட்டின் வேலை. பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; சோனியின் பல மாடல்களில் பிரைட்னஸ் என்பதே பேக்லைட், கறுப்புக்குத் தனியாக பிளாக் லெவல் இருக்கும். எண்ணை மாற்றும்போது நிழற்பகுதிகள் மட்டும் குறிப்பாக மாறினால், நமக்கு வேண்டியது அதுதான்.

கண்ணை மட்டும் நம்பி இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு காட்சியை இயக்குநர் எவ்வளவு இருட்டாக வைத்தார் என்று நமக்குத் தெரியாதே. அதற்காகத்தான் சோதனைப் படங்கள். `AVS HD 709` என்ற இலவசத் தொகுப்பில் உள்ள `Black Clipping` படத்தில், கறுப்புப் பின்னணியில் எண்ணிட்ட பட்டைகள் மினுங்கும். 16க்குக் கீழே உள்ளவை தெரியக் கூடாது; 17 முதல் தெரிய வேண்டும்.

முதலில் டிவியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். படம் பார்க்கும் நேரத்தில் அறை எப்படி இருக்குமோ அப்படி விளக்கை வையுங்கள். மூவி அல்லது சினிமா மோடுக்கு மாறி, டைனமிக் கான்ட்ராஸ்ட், வெளிச்சத்தைத் தானாக மாற்றும் இக்கோ வசதி இரண்டையும் நிறுத்துங்கள். இவை ஓடினால், நாம் வைக்கும் அளவை டிவி தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும்.

பிரைட்னஸ் 50இல் இருக்கும்போது 22ஆம் பட்டை முதல்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 17 முதல் 21 வரையிலான நிழல்களை டிவி விழுங்குகிறது. ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டுங்கள். 53இல் 17 மங்கலாக மினுங்கலாம். 56க்குப் போனால் 14, 13 பட்டைகளும் எட்டிப் பார்த்து, பின்னணியே சாம்பலாகலாம், அது அதிகம். 53க்குத் திரும்புங்கள்.

அடுத்தது கான்ட்ராஸ்ட். `White Clipping` படத்தில் 230 முதல் 234 வரையிலான பட்டைகள் வெள்ளைப் பின்னணியில் கரையாமல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேட்டியின் மடிப்பும் மேகத்தின் வடிவமும் வெறும் வெள்ளைத் திட்டாகும், கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். பிறகு கறுப்புப் படத்துக்குத் திரும்பிப் பாருங்கள், ஏனென்றால் ஒன்றை மாற்றினால் மற்றது சற்று நகரும்.

பிரைட்னஸை எவ்வளவு கூட்டியும் கறுப்புப் பட்டைகள் பிரியாமல், மொத்தத் திரையும் வெளுத்துக்கொண்டே போனால் கோளாறு வேறிடத்தில். லேப்டாப் 0 முதல் 255 வரை அனுப்ப, டிவி 16 முதல் 235 வரை எதிர்பார்த்தால், இரு முனைகளிலும் விவரம் வெட்டுப்படும். நேர்மாறாக நடந்தால் கறுப்பு சாம்பலாகி வெள்ளையும் மங்கும். லேப்டாப்பின் டிஸ்பிளே அமைப்பிலோ, டிவியின் எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவலிலோ இரண்டையும் ஒத்துப்போகச் செய்த பிறகே பட்டைகளைப் பாருங்கள்.

பென் டிரைவில் சோதித்த அளவு செட்டாப் பாக்ஸுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பல டிவிகள் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அமைப்பை வைத்திருக்கின்றன. ஆகவே படம் எந்தக் கருவி வழியே வருகிறதோ, முடிந்தால் சோதனைப் படத்தையும் அதன் வழியே ஓட்டுங்கள்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் எல்.சி.டி. திரையில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகவே இருக்கலாம். பின்விளக்கின் ஒளி கசிவதுதான் காரணம். அதை மறைக்க பிரைட்னஸைக் குறைத்தால் கசிவு போகாது, நிழலில் உள்ள விவரம்தான் போகும். குறைக்க வேண்டியது பேக்லைட்டை.