கடைக்காரருக்குப் பணம் கிடைக்குமா?

சட்ட நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தில் உள்ள கேள்வியைப் போனில் படமெடுத்து, "இதுக்கு விடை என்ன சார்?" என்று அனுப்புவார்கள். மேலே ஒரு சட்டக் கோட்பாடு, கீழே ஒரு சம்பவம், அதற்கும் கீழே நான்கு விடைகள். இந்த வகைக் கேள்வியில் சட்டம் தெரியாதவரைவிட, கொஞ்சம் தெரிந்தவர்தான் அதிகம் தடுமாறுகிறார். ஒரு மாதிரிக் கேள்வியைப் பார்ப்போம்.

கோட்பாடு இது: 18 வயது நிறைவடையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. வயதைப் பொய்யாகச் சொல்லி அவர் ஒரு பொருளை வாங்கியிருந்தால், அந்தப் பொருள் அதே வடிவில் அவரிடம் இருக்கும்வரை அதைத் திருப்பித் தர வேண்டும். அதை விற்றுவிட்டிருந்தால் பணம் தர வேண்டியதில்லை.

சம்பவம்: 17 வயது ரவி, தனக்கு 19 வயது என்று சொல்லி, மணியின் கடையில் 40,000 ரூபாய் லேப்டாப்பைக் கடனாக வாங்குகிறான். மறுவாரமே அதை 30,000 ரூபாய்க்கு விற்றுச் செலவழித்துவிடுகிறான். மணி 40,000 ரூபாய் கேட்டு வழக்குப் போடுகிறார். பணம் கிடைக்குமா?

படித்ததும் நமக்கு மணிமேல் பரிதாபம் வருகிறது. பையன் பொய் சொன்னான், அனுபவித்தான், தப்பித்துப் போகலாமா? அப்பாவாவது கொடுக்க வேண்டாமா? ஆனால் சம்பவத்தில் அப்பா இல்லை. மோசடிக்குத் தண்டனை உண்டா என்பதும் கேள்வியில் இல்லை. கேட்டது ஒன்றுதான்: பணம் கிடைக்குமா?

கோட்பாட்டைத் துண்டு துண்டாகச் சம்பவத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். 18 நிறைவடைந்துவிட்டதா? இல்லை, 17தான். எனவே ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தப்படி 40,000 கேட்க முடியாது. வயதைப் பொய்யாகச் சொன்னானா? சொன்னான். பொருள் அவனிடம் இருக்கிறதா? இல்லை, விற்றுவிட்டான். அப்படியானால் பணம் கிடைக்காது.

இங்கேதான் சட்டம் படித்தவர் கை தூக்குகிறார். மைனர் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-இல் மோஹரி பீவி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது உண்மை. ஆனால் 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 33-ஆம் பிரிவில், மைனர் அடைந்த பலனை அந்த அளவுக்குத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உண்மையான நீதிமன்றத்தில் மணியின் வக்கீல் இதைப் பிடித்துக்கொள்வார். ஆனால் தேர்வுத்தாளில் அச்சான கோட்பாடுதான் சட்டம். அது நாட்டுச் சட்டத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் அதையே வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

முடிவு சரியாக வந்தபிறகும் விடைகளில் ஒரு பொறி இருக்கும். "கிடைக்காது, ஏனெனில் மைனர் எதற்கும் பொறுப்பல்ல" என்று ஒன்று. "கிடைக்காது, ஏனெனில் ஒப்பந்தம் செல்லாது, லேப்டாப்பும் அவனிடம் இல்லை" என்று இன்னொன்று. இரண்டிலும் முடிவு ஒன்றேதான். ஆனால் முதலாவதின் காரணம் கோட்பாட்டைத் தாண்டிப் போகிறது. லேப்டாப் ரவியின் மேசையிலேயே இருந்திருந்தால் அவன் அதைத் திருப்பித் தந்திருக்க வேண்டுமே! ஆகவே இரண்டாவதுதான் விடை.

இப்போது படத்துக்கு வருவோம். புத்தகத்தின் நடு மடிப்பில் எழுத்து வளைந்து மறைவது வழக்கம். நம் கோட்பாட்டில் "அந்தப் பொருள் அதே வடிவில் அவரிடம் இருக்கும்வரை" என்ற துண்டும் அதற்கடுத்த கடைசி வாக்கியமும் மறைந்துவிட்டன என்று வையுங்கள். மிச்சம், "ஒரு பொருளை வாங்கியிருந்தால், அதைத் திருப்பித் தர வேண்டும்" என்றுதான் இருக்கும். ரவி ஏதோ ஒன்றைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று விடை புரண்டுவிடும். வாக்கியம் பிழையில்லாமல் இருப்பதால் சந்தேகமும் வராது. விடைகள்தான் காட்டிக்கொடுக்கும்: கோட்பாட்டில் எங்குமே இல்லாத "அவனிடம் இல்லை" என்ற காரணம் விடையில் வந்தால், மேலே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அப்போது நினைவிலிருந்து இட்டு நிரப்பக் கூடாது. பக்கத்தை நன்றாக விரித்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

2020 முதல் கிளாட் தேர்வில் கோட்பாடு தனியே நிற்பதில்லை, நீண்ட பத்திக்குள் கலந்திருக்கிறது. அதனால் முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் பாதிக் கோட்பாடுதான் வரும்.

கடைசியாக, அதே சம்பவத்தில் "17 வயது ரவி" என்பதை "பிளஸ் டூ மாணவன் ரவி" என்று மாற்றிப் பாருங்கள். பலரும் தயங்காமல் மைனர் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பிளஸ் டூ வகுப்பில் 18 முடிந்தவரும் உட்கார்ந்திருக்கலாம். வயது சொல்லப்படாதவரை கோட்பாட்டின் முதல் வரியே ரவிக்குப் பொருந்துமா என்று தெரியாது. "கொடுத்த விவரங்களைக் கொண்டு முடிவு சொல்ல இயலாது" என்று ஒரு விடை இருந்தால், அதுதான் சரி.