வலக்கோடி ஒன்று காட்டும் வழி

கோப்பின் அளவைச் சுருக்கும் நிரல்களில் ஒரு வகை, கோப்பைப் படித்துக்கொண்டே எந்த எழுத்து எத்தனை முறை வந்தது என்று எண்ணியபடி போகும். அடிக்கடி வருகிற எழுத்துக்குக் குறைந்த இடமும் அபூர்வமாக வருவதற்குக் கூடுதல் இடமும் ஒதுக்குவதற்காகத்தான் இந்த எண்ணிக்கை. ஒவ்வொரு எழுத்தைப் படிக்கும்போதும் நிரலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. வரிசையில் இந்த எழுத்துக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளெல்லாம் சேர்ந்து இதுவரை எத்தனை முறை வந்திருக்கின்றன என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, படித்த எழுத்தின் கணக்கில் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள் இருப்பதால் 256 எண்ணிக்கைகளை வைத்திருக்க வேண்டும். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டால் ஒன்றைக் கூட்டுவது எளிது. ஆனால் முன்னால் உள்ளவற்றின் கூட்டுத்தொகை கேட்கும்போது சில சமயம் 255 எண்களைக் கூட்ட வேண்டியிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் அதுவரையிலான மொத்தத்தையே எழுதிவைத்தால் விடை உடனே கிடைக்கும். ஆனால் ஓர் எண்ணிக்கை மாறினால் அதற்குப் பின்னால் உள்ள மொத்தங்கள் அத்தனையையும் திருத்த வேண்டும். ஒரு வேலை எளிதானால் மற்றது கடினமாகிவிடுகிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஃபென்விக் இந்தச் சிக்கலுக்கு 1994இல் ஒரு தீர்வை வெளியிட்டார். இதையொத்த கருத்தை ரஷ்யாவின் போரிஸ் ரியாப்கோ 1989இலேயே முன்வைத்திருந்தார். இன்று இதை ஃபென்விக் மரம் என்கிறார்கள்.

எந்த எண்ணையும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பதுதான் இதன் அடிப்படை. 13 என்பது 8+4+1. இரும வடிவில் 1101. அப்படியென்றால் முதல் 13 இடங்களின் கூட்டுத்தொகையையும் 8 இடங்கள், 4 இடங்கள், ஓர் இடம் என்று மூன்று துண்டுகளாக வெட்டலாம். அந்தத் துண்டுகளின் தொகைகள் முன்பே தயாராக இருந்தால் மூன்று எண்களைக் கூட்டினால் போதும்.

எந்தத் தொகையை எங்கே எழுதிவைப்பது? இடத்தின் எண்ணை இரும வடிவில் எழுதி, வலப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது முதலில் வரும் 1-ஐக் கவனிக்க வேண்டும். அந்த வலக்கோடி ஒன்றின் மதிப்பு எவ்வளவோ, அந்த இடத்தில் முடிகிற அத்தனை எண்களின் தொகையை அங்கே எழுத வேண்டும். 12 என்பது 1100. வலக்கோடி ஒன்றின் மதிப்பு 4. ஆகவே 12ஆம் இடம் 9 முதல் 12 வரையிலான நான்கு எண்களின் தொகையைத் தாங்கும். 13 என்பது 1101. வலக்கோடி ஒன்றின் மதிப்பு 1 என்பதால் அது தன் எண்ணை மட்டும் வைத்திருக்கும். 8ஆம் இடம் முதல் எட்டையும் தாங்கும்.

பதினாறு எழுத்துகள் மட்டுமே உள்ள சிறிய கணக்கில் பார்ப்போம். அவை வந்த எண்ணிக்கைகள் வரிசையாக 3, 1, 4, 1, 5, 9, 2, 6, 5, 3, 5, 8, 9, 7, 9, 3. முதல் 13இன் கூட்டுத்தொகை வேண்டும். 13ஆம் இடத்தில் 9 இருக்கிறது, எடுத்துக்கொள்கிறோம். 13இலிருந்து அதன் வலக்கோடி ஒன்றைக் கழித்தால் 12. அங்கே 5+3+5+8, அதாவது 21 இருக்கிறது. 12இலிருந்து 4-ஐக் கழித்தால் 8. அங்கே 31 இருக்கிறது. 8இலிருந்து 8-ஐக் கழித்தால் பூஜ்யம், வேலை முடிந்தது. 9+21+31 = 61.

இப்போது ஐந்தாவது எழுத்து இன்னொரு முறை வருகிறது. ஐந்தாம் இடத்தை உள்ளடக்கிய தொகைகளில் மட்டும் ஒன்றைக் கூட்டினால் போதும். அவற்றைக் கண்டுபிடிக்க வலக்கோடி ஒன்றைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும். 5 என்பது 101. 1-ஐக் கூட்டினால் 6. 6 என்பது 110. 2-ஐக் கூட்டினால் 8. 8-உடன் 8-ஐக் கூட்டினால் 16. இந்த நான்கு இடங்களில் இருந்த 5, 14, 31, 80 ஆகியவை 6, 15, 32, 81 என்று மாறுகின்றன. மற்ற பன்னிரண்டையும் தொடவே இல்லை. கூட்டும் ஒவ்வொரு முறையும் வலக்கோடி ஒன்று குறைந்தது ஓரிடமாவது இடப்பக்கம் நகர்கிறது. அதனால் துண்டின் நீளம் இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ வளர்ந்து, முந்தைய துண்டைத் தனக்குள் அடக்கிக்கொள்கிறது. பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் கூட்டுத்தொகைக்கோ திருத்தத்துக்கோ 20 படிகளைத் தாண்டாமல் இருப்பது இதனால்தான்.

வலக்கோடி ஒன்றைத் தேடி எடுக்கத் தனி நிரல் தேவையில்லை. கணினி ஓர் எண்ணின் எதிர்மறையைப் பெற, அதன் பிட்டுகளையெல்லாம் புரட்டிப் போட்டு 1-ஐக் கூட்டுகிறது. எட்டு பிட்டில் 12 என்பது 00001100, புரட்டினால் 11110011, ஒன்றைக் கூட்டினால் 11110100. மூல எண்ணையும் இதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், இரண்டிலும் 1 இருப்பது ஒரே இடத்தில்தான்: 00000100. அதாவது 4. நிரலில் இதை `i & -i` என்று எழுதுகிறார்கள். மொத்த நிரலும் இவ்வளவுதான்:

```c
int sum(int i) {
    int s = 0;
    for (; i > 0; i -= i & -i) s += T[i];
    return s;
}
void add(int i, int d) {
    for (; i <= n; i += i & -i) T[i] += d;
}
```

சுருக்கிய கோப்பை விரிக்கும்போது கேள்வி தலைகீழாகிறது: மொத்த எண்ணிக்கையில் 42ஆவது எந்த எழுத்தின் பங்கில் விழுகிறது? பெரிய துண்டிலிருந்து தொடங்க வேண்டும். 16ஆம் இடத்தில் 81 இருக்கிறது. 42-ஐ மிஞ்சுவதால் விட்டுவிடுகிறோம். 8ஆம் இடத்தில் 32. அதைக் கழித்தால் மீதி 10. அடுத்து 8+4, அதாவது 12ஆம் இடத்தில் 21, மீதியை மிஞ்சுகிறது. 8+2, அதாவது 10ஆம் இடத்தில் 8. கழித்தால் மீதி 2. 10+1, அதாவது 11ஆம் இடத்தில் 5, மிஞ்சுகிறது. முதல் பத்து எழுத்துகள் தீர்ந்த பிறகும் மீதி இருப்பதால், விடை பதினோராவது எழுத்து. எண்ணிக்கைகளில் எதுவும் எதிர்மறையாக இல்லாதவரைதான் இந்தத் தேடல் செல்லும்.

எழுதுபவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் இரண்டு. பூஜ்யத்தில் 1 எதுவும் இல்லாததால் `add(0, 1)` என்று அழைத்தால் `i` பூஜ்யத்திலேயே நின்றுவிடும். நிரல் முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இடங்களை எப்போதும் 1இலிருந்து எண்ணுவது இதனால்தான். இரண்டாவது, `add` வாங்கிக்கொள்வது வித்தியாசத்தையே தவிர புதிய மதிப்பையல்ல. ஓர் எண்ணிக்கையை 9இலிருந்து 4 ஆக்க வேண்டுமென்றால் -5 கொடுக்க வேண்டும். 4 கொடுத்தால் நிரல் தடையின்றி ஓடும், விடைகள் மட்டும் பிசகும். சிறிய அளவில் நேரடியாகக் கூட்டி ஒப்பிட்டால் இது உடனே வெளிப்படும்.

இந்த அமைப்புக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. நடுவிலுள்ள 6 முதல் 13 வரையிலான தொகை வேண்டுமென்றால் முதல் 13இன் தொகையிலிருந்து முதல் 5இன் தொகையைக் கழிக்கிறோம். கூட்டியதைக் கழித்து மீட்க முடிவதால்தான் இது நடக்கிறது. 6 முதல் 13 வரை உள்ளவற்றில் மிகப் பெரிய எண் எது என்று கேட்டால் இந்த வழி உதவாது. முதல் 13இல் பெரியது தெரிந்தாலும், அதிலிருந்து முதல் ஐந்தைக் கழித்து எடுக்க முடியாது. அத்தகைய கேள்விகளுக்கு ஒவ்வொரு துண்டையும் இடம், வலம் என இரண்டாகப் பிரித்து இரண்டுக்கும் விடை எழுதிவைக்கும் வேறு வகை மரம் தேவை. அதற்கு ஏறத்தாழ இரு மடங்கு இடம் பிடிக்கும். ஃபென்விக் மரமோ மூல எண்கள் பிடிக்கும் அதே இடத்துக்குள் அடங்கிவிடும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போவது என்பதை அந்த எண்ணின் பிட்டுகளே சொல்லிவிடுவதால், கிளைகளைத் தனியாக எழுதிவைக்க வேண்டியதில்லை.