ஓரத்து முகத்தை எடுத்து ஒட்டுவதற்கு முன்

வைடு லென்ஸில் எடுத்த குரூப் போட்டோவில் வரிசையின் இரு கோடியிலும் நிற்பவர்கள் இருப்பதைவிடப் பருமனாகத் தெரிவார்கள். கன்னம் அகன்று, தலை வெளிப்பக்கமாக இழுபட்டிருக்கும். படம் முழுதாக இருக்கும்வரை இது பெரிதாக உறுத்தாது. தோளும் கையும் பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்தே இழுபட்டிருப்பதால் கண் பழகிவிடுகிறது. அந்த முகத்தை மட்டும் வெட்டி இன்னொரு படத்தில், கண்மூடிய முகத்துக்குப் பதிலாக வைத்தால்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். நிறமும் வெளிச்சமும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் “இது அவர்தானா?” என்று வீட்டில் ஒருவராவது கேட்பார்.

இதற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது. டார்ச் விளக்கைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் ஒளி வட்டமாக விழும். சாய்த்துப் பிடித்தால் அதே ஒளி முட்டை வடிவமாக நீளும். கேமராவுக்குள்ளும் நடப்பது இதுதான். நடுவில் நிற்பவரிடமிருந்து வரும் ஒளி சென்சாரில் நேராக விழுகிறது. ஓரத்தில் நிற்பவரிடமிருந்து வருவது சாய்ந்து விழுகிறது. சென்சார் தட்டையாக இருப்பதால், சாய்வு கூடக் கூட உருவம் நீள்கிறது. எப்போதும் படத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கி, ஆரத்தின் திசையிலேயே நீள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பின்சுவரில் மாட்டிய கடிகாரம் படத்தின் மூலையில் விழுந்தாலும் வட்டமாகவே இருக்கும். சுவரும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையானவை என்பதே காரணம். அதன் பக்கத்தில் தொங்கும் உருண்டை பலூன் மட்டும் முட்டையாகிவிடும். தட்டையான பொருள் தப்பிக்கிறது, கனமுள்ள பொருள் மாட்டிக்கொள்கிறது. மனிதத் தலை பலூன் வகை. ஓவியர்களுக்கு இந்தச் சிக்கல் கேமரா வருவதற்கு முன்பே தெரியும். ரஃபேல் 1509க்கும் 1511க்கும் இடையில் வத்திக்கானில் வரைந்த ‘ஏதென்ஸ் பள்ளி’ சுவரோவியத்தின் வலது கோடியில் இருவர் கோளங்களை ஏந்தி நிற்கிறார்கள். கட்டடத்துக்கு அவர் கையாண்ட கணக்கை அப்படியே பின்பற்றியிருந்தால் அந்தக் கோளங்கள் நீள்வட்டமாக வந்திருக்க வேண்டும். ரஃபேல் அவற்றை வட்டமாகவே வரைந்தார், மனிதர்களையும் நீட்டவில்லை. கேமராவுக்கு அந்தச் சலுகையைத் தெரிந்து செய்ய வழியில்லை.

எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கும் லென்ஸ் கரெக்‌ஷன் வசதி இதைச் சரிசெய்யும் என்று பலர் நம்புகிறார்கள். அது செய்வது வேறு வேலை. வளைந்து தெரியும் தூணையும் கதவு நிலையையும் அது நேராக்கும். பீப்பாய் போலப் புடைத்த படத்தை நேராக்கும்போது ஓரங்கள் மேலும் வெளியே தள்ளப்படுவதால், முகம் முன்பைவிட அதிகமாகவே நீளும். கோட்டை நேராக வைப்பதா, முகத்தை ஒழுங்காக வைப்பதா என்பதில் தட்டைப்படம் ஒன்றைத்தான் தரும்.

எவ்வளவு நீள்கிறது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் பக்கவாட்டு விளிம்பில் நீட்சி 6 சதவீதம்தான்; யாரும் கவனிக்க மாட்டார்கள். 35 மி.மீ.யில் 12 சதவீதம். சிறிய மண்டபங்களில் பின்னால் போக இடமில்லாமல் மாட்டும் 24 மி.மீ.யில் 25 சதவீதம். 16 மி.மீ.யில் 50 சதவீதத்தைத் தொடும். மூலைகளில் இவை இன்னும் கூடும்.

எல்லா மாற்றத்துக்கும் இந்தத் திருத்தம் வேண்டியதில்லை. டிரைபாடில் கேமராவை நிறுத்தி, யாரும் இடம் மாறாமல் ஐந்தாறு படம் எடுத்திருந்தால், ஒரு படத்தின் ஓர முகமும் அடுத்ததன் ஓர முகமும் ஒரே அளவுதான் இழுபட்டிருக்கும். அப்படியே தூக்கி வைக்கலாம். ஆள் இடம் மாறியிருந்தாலோ, கேமரா திரும்பியிருந்தாலோதான் கணக்கு தேவைப்படும்.

ஒரு வரவேற்பு மேடையை எடுத்துக்கொள்ளலாம். 24 மி.மீ. லென்ஸ், படம் 6000 பிக்சல் அகலம், 4000 உயரம். முதல் படத்தில் மாப்பிள்ளையின் அத்தை இடது கோடியில், கேமராவைப் பார்த்தபடி, நல்ல சிரிப்போடு நிற்கிறார். அடுத்த படத்தில் அவரை மணமக்கள் பக்கத்தில் நகர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே கண் மூடிவிட்டார். முதல் படத்து முகம் இரண்டாவதற்குப் போக வேண்டும்.

முதலில் லென்ஸின் 24 மி.மீ.யைப் பிக்சலாக மாற்ற வேண்டும். சென்சாரின் அகலம் 36 மி.மீ., அது 6000 பிக்சல். ஆகவே 24 மி.மீ. என்பது 4000 பிக்சல். அடுத்து, படத்தின் மையத்திலிருந்து அத்தையின் மூக்கு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளக்க வேண்டும். இங்கே இடப்பக்கம் 2400, மேலே 700 பிக்சல். மீதி பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்:

```
√(2400² + 700²) = 2500
√(2500² + 4000²) ÷ 4000 = 1.18
100 ÷ 1.18 = 85 (தோராயமாக)
```

அதாவது முகம் ஆரத்தின் திசையில் 18 சதவீதம் நீண்டிருக்கிறது; அந்தத் திசையில் மட்டும் 85 சதவீதமாகச் சுருக்கினால் பழைய வடிவம் திரும்பும்.

அந்தத் திசையில் மட்டும் என்பதுதான் இதில் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். அகலத்தை மட்டும் குறைத்துவிட்டு, ‘தலை இன்னும் சாய்ந்திருக்கிறதே’ என்று முகத்தைச் சுழற்றிப் பார்ப்பார்கள். மையத்திலிருந்து அத்தையின் முகத்துக்குப் போகும் கோடு கிடையாக இல்லை, 16.3 டிகிரி மேல்நோக்கிப் போகிறது. அந்தச் சாய்ந்த கோட்டில் முகம் இழுபடும்போது, நெற்றியிலிருந்து மோவாய்க்கு வரும் நடுக்கோட்டின் மேல்முனை வெளிப்பக்கம் சாய்கிறது. கண்களை இணைக்கும் கோட்டில் வெளிப்பக்கக் கண் மேலே ஏறுகிறது. ஒன்று இடஞ்சுழியாகத் திரும்பினால் மற்றது வலஞ்சுழியாகத் திரும்பியிருக்கிறது. மூக்கை நேராக்கச் சுழற்றினால் கண்கள் இன்னும் கோணும்; கண்ணை நேராக்கினால் மூக்கு கோணும். சுழற்றிச் சுழற்றி இதற்கு முடிவு கிடைக்காது.

சரியான வழி மூன்று படி. தலையைக் கூந்தல், காது, கழுத்து, நகையோடு தாராளமாக வெட்டித் தனி லேயராக்கி, போட்டோஷாப்பின் `Free Transform` பெட்டியில் கோணம் -16.3 என்று கொடுத்தால், மையத்துக்குப் போகும் கோடு கிடையாகப் படுத்துவிடும். `Enter` அடித்து அதை முடித்துவிட்டு, மறுபடி திறந்து `W` மட்டும் 85% ஆக்க வேண்டும்; `H` தானாகச் சேர்ந்து குறையாதபடி இடையிலிருக்கும் சங்கிலிக் குறியை அணைத்துவைக்க வேண்டும். பிறகு +16.3 கொடுத்துப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். லேயரை முன்கூட்டியே `Smart Object` ஆக்கியிருந்தால் இரண்டாம் படியில் பெட்டியும் சாய்ந்தே நிற்கும்; சுருக்கம் தவறான திசையில் போய்விடும். சுழற்றியபின் அதை மறுபடி `Convert to Smart Object` செய்தால் பெட்டி நிமிர்ந்துவிடும். வலது மேல் மூலை என்றால் கோணத்தின் குறி மாறும். கீழ் மூலைகளிலும் அப்படியே, கோடு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

முகத்தின் அளவைப் பொருத்துவது இதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை அதே படத்தில் அளந்து பார்க்கலாம். முதல் படத்தில் அத்தையின் கருவிழிகளுக்கு இடையே 72 பிக்சல், பொட்டிலிருந்து மோவாய்க்கு 120. இரண்டாவது படத்தில் அவை 62, 118. திருத்தாமல், கண் இடைவெளியை வைத்து முகத்தை 62க்குக் குறைத்தால் நீளம் 103 ஆகிவிடும். முகம் அமுங்கிய பூரி மாதிரி ஆகும். திருத்திய பிறகு அளந்தால் 62, 118 என்று இரண்டும் தாமாகவே பொருந்தி நிற்கின்றன. எல்லோரும் நேர்வரிசையில் நின்றதால் வந்த வசதி இது. நேர்வரிசையில் ஓரத்தில் இருப்பவர் கேமராவுக்குச் சற்றுத் தள்ளி இருப்பதால் உயரம் கூடாது, அகலம்தான் கூடும். கேமராவைச் சுற்றி வில்லாக நிறுத்தியிருந்தால் இரண்டுமே கூடியிருக்கும். அப்போது திருத்தியபின் முழு முகத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டிவரும்.

திருத்தம் சரியா என்று பார்க்க மேடை அலங்காரத்தின் பலூன் கைகொடுக்கும். முகத்துக்கு அருகில் உருண்டைப் பலூன் ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து வெட்டித் திருத்த வேண்டும். பலூன் வட்டமானால் முகமும் சரி. கேமராவைப் பார்த்து நிற்பவரின் ஸ்டிக்கர் பொட்டும் கருவிழியும் இதே சாட்சியைச் சொல்லும். சுவர்க் கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது.

போய்ச் சேரும் இடத்துக்கும் தனி நீட்சி உண்டு. இரண்டாவது படத்தில் அத்தை மையத்துக்கு 1000 பிக்சல் அளவில் நிற்பதால் அது 3 சதவீதம், விட்டுவிடலாம். போகுமிடமும் ஒரு மூலையாக இருந்தால், திருத்திய முகத்தை அந்த மூலையின் கணக்குப்படி மறுபடி நீட்டியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அகன்ற தோளின் மேல் சின்னத் தலை உட்கார்ந்திருக்கும்.

செல்போன் படங்களில் கவனம் தேவை. பல போன்கள் ஓரத்து முகங்களை எடுக்கும்போதே தாமாகத் திருத்திவிடுகின்றன. அதன்மேல் இன்னொரு முறை சுருக்கினால் முகம் ஒடுங்கிப்போகும். தலைக்குப் பின்னால் உள்ள கதவு நிலை மட்டும் லேசாக நெளிந்திருந்தால் போன் கைவைத்திருக்கிறது என்று ஊகிக்கலாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தில் லென்ஸ் விவரம் அழிந்திருக்கும். ஓரம் வெட்டிய படத்தில் பழைய மையம் எங்கே என்று தெரியாது. இந்த இரண்டிலும் கணக்கை மறந்துவிட்டு, பலூனையோ அவரது வேறு படத்தையோ பார்த்துத்தான் சுருக்க முடியும்.

இந்தத் திருத்தம் முகத்தின் வடிவத்தை மாற்றுமே தவிர, கேமரா எந்தக் கோணத்திலிருந்து பார்த்தது என்பதை மாற்றாது. அத்தை கேமரா பக்கம் முகத்தைத் திருப்பியதால் வேலை முடிந்தது. அவர் நேர் எதிரே பார்த்தபடி நின்றிருந்தால், கேமரா அவரது உள்பக்கக் கன்னத்தையும் காதையும் 32 டிகிரி சாய்வில் பார்த்திருக்கும். எவ்வளவு துல்லியமாகச் சுருக்கினாலும் நடுவில் வைக்கும்போது அவர் பக்கவாட்டில் திரும்பி நிற்பதாகவே தெரியும். ஒரு காது முழுதாகவும் மற்றது மறைந்தும் இருக்கும் முகத்தை விட்டுவிட்டு, வேறு படத்தில் தேடுவதே மேல்.