உஷார்! பாஸ்வேர்டு வந்துவிட்டது, கணக்கு வந்ததா?

கடை வைத்திருப்பவர்களே, சின்னதாகக் கம்பெனி நடத்துபவர்களே! உங்கள் இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போகிறாரா? சம்பள பாக்கியைக் கொடுத்து அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முண்டியம்பாக்கம் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. பெயர் வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்கூட ரீல்ஸைப் பார்த்துவிட்டுத் தேடி வருவார்கள். ரீல்ஸில் பேசியது, படம் பிடித்தது, போட்டது எல்லாம் ஒரே பெண். வேலையை விட்ட அன்று பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். முதலாளியும் அன்றைக்கே அதை மாற்றிவிட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை! மற்ற போன்களிலிருந்து வெளியேற்றும் கட்டத்தை அவர் தொடவே இல்லை. அவள் போனில் கணக்கு திறந்தபடியே இருந்தது.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகம் தெரியும் வீடியோ வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். தன் முகம் வந்த ரீல்களை ஒவ்வொன்றாக அழித்தாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர், "எள்ளு ஆட்டுற வீடியோ எங்கண்ணே போச்சு?" என்று கேட்டபோதுதான் முதலாளிக்கே தெரிந்தது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது! அழித்த பதிவு இன்ஸ்டாகிராமில் 30 நாள் வரைதான் இருக்கும். அதன்பின் யாராலும் மீட்க முடியாது. மூல வீடியோக்களும் அவள் போனில்தான் இருந்தன. இடம் போதவில்லை என்று அவற்றையும் அழித்திருந்தாள்.

இன்னொரு வாசலும் திறந்தே கிடந்தது. கணக்கில் இருந்த மெயிலும் போன் நம்பரும் அவளுடையவை. நீங்கள் எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும், 'Forgot password' தட்டினால் அவளுக்குத்தான் லிங்க் போகும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் மெயிலையும் நம்பரையும் உங்களுடையதாக மாற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டு. கூடவே மற்ற எல்லாப் போன்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். கடைசியில் இரட்டைச் சரிபார்ப்பை உங்கள் போனுக்குக் கொண்டுவந்து, பழைய பேக்கப் கோடுகளுக்குப் பதில் புதியவை எடுங்கள். இத்தனையையும் வேலையை விடுபவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். பழைய மெயிலுக்குக் கோடு வந்தால் அவர்தானே சொல்ல வேண்டும்?

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷார்!

லாகின் கோடு உங்கள் போனுக்கு வரவில்லை, "அந்தத் தம்பிக்கு வரும், கேட்டுச் சொல்றேன்" என்கிறீர்கள். அப்படியென்றால் கணக்கு இன்னும் தம்பியுடையது.

'Where you're logged in' பட்டியலில் உங்களுடையது அல்லாத போன் இருக்கிறது.

பக்கத்தின் மேலே தெரியும் பதிவு எண்ணிக்கை குறைகிறது. கடைசி வேலை நாளில் அந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குறைந்தால் அன்றைக்கே 'Your activity' உள்ளே 'Recently deleted' பாருங்கள். அங்கிருந்து திரும்பக் கொண்டுவரலாம். அங்கேயும் அழித்துவிட்டால் 30 நாள் கணக்கெல்லாம் கிடையாது, அந்த நிமிடமே போய்விடும்.

ஃபேஸ்புக் பக்கத்தில் முழுக் கட்டுப்பாடு அவர் ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. இது எல்லாவற்றையும்விட ஆபத்து. முழுக் கட்டுப்பாடு உள்ளவர் உங்களையே நீக்கலாம், பக்கத்தையே அழிக்கலாம்!

கோபத்தில் பதிவுகளை நீங்களே அழிக்கவும் ஓடாதீர்கள். 2013 ஜனவரியில் லண்டனில் எச்எம்வி கம்பெனி ஆட்களை வேலையை விட்டு அனுப்பியது. ட்விட்டர் கணக்கைக் கையில் வைத்திருந்த ஊழியர் நடப்பதை நேரலைபோல அங்கேயே எழுதிவிட்டார். கம்பெனி அந்தப் பதிவுகளைச் சீக்கிரமே அழித்தது. அதற்குள் ஸ்கிரீன்ஷாட்டுகள் உலகம் சுற்றிவிட்டன. கணக்கை யார் கையில் விட்டோம் என்பதை ஆளை அனுப்பும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

வேலையை விடும் பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்கிறேன். கணக்கை ஒப்படைத்தபின் ஒரு பதிவைக்கூடத் தொடாதீர்கள்! அனுமதியின்றித் தகவலை அழிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவில் வருகிறது. இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கம் என்று நிரூபித்தால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கல்யாண வீட்டுக்கு இதெல்லாம் தேவையா?

முகம் தெரிய வேண்டாம் என்பது நியாயமான ஆசைதான். அதைப் போகும் முன்பே வாய் திறந்து கேளுங்கள். முதலாளிகளே, கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். மூல வீடியோக்களைப் பென்டிரைவில் வாங்குங்கள். பிறகு அந்த ரீல்களை அழிக்காமல் 'Archive' செய்யுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது. லைக்கும் கமெண்ட்டும் அப்படியே இருக்கும். நாள் கெடுவும் கிடையாது. எந்தெந்த ரீல் என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

யாராவது ஏற்கெனவே விலகிப் போய்விட்டாரா? விலகி எத்தனை நாள் ஆனது என்று எண்ணிப் பாருங்கள். இன்றைக்கே 'Recently deleted' திறங்கள்!