அடுப்பில் பொறி, ஆழ்கடலில் பேட்டரி

டிசம்பர் 26 நெருங்குகிறது. சுனாமி நினைவுநாளை ஒட்டி வந்த கடிதங்களில் இம்முறை ஒரே குழப்பம். கராச்சர்மா வாசகர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: “கேஸ் லைட்டரில் பேட்டரியே இல்லை. கடலடியில் சுனாமியைக் கண்டறியும் கருவியிலும் அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம்தான் என்கிறார்கள். அதற்கு மட்டும் ஏன் பேட்டரி?”

படிகத்தை அழுத்தினால் அதன் நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்கள் விலகி, இரு முகங்களுக்கிடையே மின்னழுத்தம் பிறக்கும். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டது இது. யாரும் அவ்வளவாகச் சொல்லாதது, அந்த மின்னூட்டம் தங்காது என்பது. அழுத்தம் அப்படியே நீடித்தாலும் மின்னூட்டம் கசிந்து தீர்ந்துவிடும். அதனால்தான் லைட்டரில் வில்லும் சுத்தியலும். நாம் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் வில் விசையைச் சேர்த்துவைத்து, ‘டக்’கென்று விடுவிக்கிறது. கசிய நேரமில்லாத அந்த அடியில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, முனையிலுள்ள சிறு இடைவெளியைப் பொறியாகத் தாண்டுகிறது.

சுனாமி அப்படி அடிப்பதில்லை. நடுக்கடலில் அது பல நிமிடங்கள் எடுத்து, சில சென்டிமீட்டர் நீரை உயர்த்தித் தாழ்த்தும். 2004இல் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த செயற்கைக்கோள் கண்ட பேரலையே சுமார் 60 செ.மீ.தான். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஏற்கெனவே சுமார் 300 வளிமண்டல அழுத்தம். அதன்மேல் மெல்ல ஏறும் 3 செ.மீ. நீரை மின்னூட்டமாக அளக்கப் பார்த்தால், அளப்பதற்குள் கசிந்துவிடும்.

ஆகவே பொறியாளர்கள் விளைவைத் திருப்பிப்போட்டார்கள். பேட்டரி மின்சாரம் கொடுத்து, குவார்ட்ஸ் துண்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரவைக்கிறார்கள். நீரின் பாரம் அத்துண்டின் மேல் விசையாக விழும்போது, வீணைத் தந்தியை முறுக்கினாற்போல் அதிர்வெண் மாறுகிறது. அதிர்வை எண்ணிக்கொண்டே இருக்கலாம், எண்ணிக்கை கசியாது. வெப்பமும் அதிர்வெண்ணை மாற்றும் என்பதால், அதைக் கழிக்க இன்னொரு படிகம் உண்டு.

‘சுனாமியைக் கண்டறியும் கருவி’ என்ற அரசுச் சொல்லை அப்படியே விழுங்க வேண்டாம். கருவிக்குத் தெரிவது தன் தலைமேல் நிற்கும் நீரின் பாரம் மட்டுமே. எதிர்பார்த்த ஓத அளவிலிருந்து அது விலகினால் கணிப்பொறி ஐயப்படுகிறது. அருகே நிலம் அதிர்ந்தாலும் அளவு குலுங்கும். அலையையும் அதிர்வையும் பிரித்தறிய நேரம் பிடிக்கும்.

மற்றக் கேள்விகள்:

லைட்டரிலும் குவார்ட்ஸா? இல்லை, பெரும்பாலும் ஈயம் கலந்த பீங்கான்.

மழைக்காலத்தில் பொறி ஏன் வரவில்லை? முனையில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் மின்னூட்டம் அவ்வழியே ஒழுகும், உலரத் துடையுங்கள்.

அந்தமானில் இக்கருவியின் எச்சரிக்கைக்குக் காத்திருக்கலாமா? கூடாது; நிலநடுக்க மூலம் மிக அருகில் இருப்பதால், கடலோரத்தில் பலத்த, நீண்ட அதிர்வை உணர்ந்ததுமே மேடேறுங்கள்.